பேலட்டிலிருந்து டப்பாவுக்கு: பெட்டி அளவை எங்கிருந்து தொடங்குவது?

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே போகிறார்கள். முதலில் பார்க்க நன்றாக இருக்கும் ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் இரண்டு டஜன் டப்பா கொள்ளும்படி ஓர் அட்டைப்பெட்டி செய்யச் சொல்வார்கள். கடைசியில் அந்தப் பெட்டியை எப்படி அடுக்குவது என்ற தலைவலி குடோனில் இருப்பவர்களுக்குப் போகும். லாரியில் காற்றை ஏற்றி அனுப்பும் செலவு இந்த வரிசையில்தான் பிறக்கிறது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் பேலட், அதாவது பெட்டிகளை அடுக்கி மொத்தமாகத் தூக்கும் மரத்தட்டு; அப்புறம் பெட்டி, கடைசியில்தான் டப்பா. இதை ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

300 கிராம் சாம்பார் பொடியை உருண்டையான பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவின் விட்டம் 84 மி.மீ., மூடியோடு உயரம் 130 மி.மீ. நீளத்தில் ஆறு, அகலத்தில் நான்கு என்று 24 டப்பா ஒரு பெட்டியில். டப்பாக்கள் மட்டும் 504 × 336 மி.மீ. இடம் பிடிக்கும். பெட்டியின் சுவரும் கொஞ்சம் இளக்கமும் சேர்த்தால் வெளி அளவு 515 × 350 மி.மீ. ஆகிறது. தனியாகப் பார்த்தால் இந்தப் பெட்டியில் ஒரு குறையும் தெரியாது.

இப்போது அதை 1200 × 1000 மி.மீ. பேலட்டின் மேல் வைப்போம். 1000 பக்கமாக இரண்டு பெட்டியை நீளவாக்கில் வைத்தால் 515 + 515 = 1030. வெறும் 30 மி.மீ. இடிக்கிறது. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாலும் பேலட்டுக்குள் ஒழுங்காக அடங்குவது ஓர் அடுக்குக்கு ஐந்து பெட்டிதான். பேலட் பரப்பில் கால்வாசி வெறுமனே கிடக்கும். ஏற்றுபவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் 15 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று ஆறு பெட்டி வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 15 மி.மீ. எங்கே போய் வினையாகிறது என்று பிறகு பார்ப்போம்.

600 × 400 என்ற அளவு

பேலட்டை மிச்சமில்லாமல் நிரப்பும் பெட்டி அளவுகள் ஏற்கெனவே வகுத்து வைக்கப்பட்டவை. அடிப்படை அளவு 600 × 400 மி.மீ. சர்வதேசத் தரநிலையான ISO 3394 சொல்வது இதைத்தான். 1200 × 1000 பேலட்டில் இந்த அளவுப் பெட்டி ஐந்து சரியாக உட்காரும்: 600 பக்கம் 1200-ஐ நோக்கி இரண்டு, 400 பக்கம் 1200-ஐ நோக்கி மூன்று. ஐரோப்பாவில் அதிகம் புழங்கும் 1200 × 800 பேலட்டில் நான்கு உட்காரும். உள்ளூருக்கு ஒரு பெட்டி, ஏற்றுமதிக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளும் வேலை இதனால் மிச்சம்.

600 × 400-ஐப் பாதியாக்கினால் 400 × 300. இதையும் பாதியாக்கினால் 300 × 200. பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும் ஒரே பேலட்டில் கலந்து வந்தாலும் சின்னது இரண்டு சேர்ந்து பெரியது ஒன்றின் இடத்தில் உட்கார்ந்துவிடும். வெவ்வேறு சரக்கைக் கலந்து கடைகளுக்கு அனுப்புபவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

நம் பொடிக்கு 400 × 300-ஐ எடுத்துக்கொள்வோம். 1000 மி.மீ. பக்கத்தை 400 + 300 + 300 என்று மூன்று வரிசையாகப் பிரிக்கலாம். முதல் வரிசையில் நான்கு பெட்டி, மற்ற இரண்டிலும் மும்மூன்று. ஆக ஓர் அடுக்குக்குப் பத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. 400 × 300 என்பது பெட்டி பிடிக்கும் இடத்தின் அளவு. பெட்டி செய்பவரிடம் 400 × 300 என்று மட்டும் சொன்னால் அவர் அதை உள் அளவாக எடுத்துக்கொள்வார், சுவர்க் கனத்தை வெளியே கூட்டிவிடுவார். சரக்கு நிரப்பிய பெட்டி பக்கவாட்டில் கொஞ்சம் உப்பவும் செய்யும். அதனால் வெளி அளவு 396 × 296 என்று எழுத்தில் கொடுத்து, வெளி அளவு என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். 3 பிளை, அதாவது மூன்று தாள் அடுக்குள்ள பெட்டியின் சுவர் ஏறக்குறைய 4 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் உள்ளே கிடைப்பது 388 × 288.

இப்போதுதான் டப்பாவுக்கு வருகிறோம். பழைய 84 மி.மீ. டப்பா இந்தப் பெட்டியில் நான்குக்கு மூன்றாக அடங்கும். ஆனால் நீளத்தில் 52 மி.மீ., அகலத்தில் 36 மி.மீ. வீணாகும். டப்பா விற்பவரின் அட்டவணையில் விட்டம் 93 மி.மீ. உள்ள டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டப்பாவுக்கு 372, மூன்றுக்கு 279. நடுவே 3 மி.மீ. அட்டைத் தடுப்புகள் போட்டால் முறையே 381, 285. பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும், டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசி லேபிள் கிழியாது.

விட்டம் கூடியதால் அதே அளவு பொடிக்கு உயரம் குறையும். பழைய 130 மி.மீ. இப்போது சுமார் 106 ஆகிறது. இலாபம் முழுவதும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. பழைய முறையில் ஓர் அடுக்குக்கு ஐந்து பெட்டி, பெட்டிக்கு 24. மொத்தம் 120 டப்பா. புதிய முறையில் பத்துப் பெட்டி, பெட்டிக்கு 12, அதுவும் 120-தான். ஆனால் பழைய பெட்டியின் உயரம், மேல்கீழ் மடிப்புகளும் இளக்கமும் சேர்த்து, 145 மி.மீ.; புதியது 121. பேலட்டின் மேல் 1250 மி.மீ. உயரம்வரைதான் சரக்கு வைக்க முடியும் என்றால் பழையதில் 8 அடுக்கு, புதியதில் 10. அதாவது 960 டப்பா இருந்த இடத்தில் 1200. புதிய அச்சு எதுவும் வெட்டாமல், வேறொரு டப்பாவைத் தேர்ந்தெடுத்ததிலேயே கால் பங்கு கூடிவிட்டது.

உருண்டையா, சதுரமா

உருண்டைகளைச் சதுர வரிசையில் அடுக்கினால் பரப்பில் 78.5 சதவீதம்தான் நிரம்பும். தேன்கூடு போல ஒன்றுவிட்டு ஒன்றாக நெருக்கினால் 90 சதவீதத்தைத் தொடலாம் என்பது கணக்கில் உண்மைதான். ஆனால் 12 டப்பா கொள்ளும் சின்னப் பெட்டியில் அந்த இலாபத்தை ஓரங்களே தின்றுவிடும்.

முனை மழுங்கிய சதுர டப்பா என்றால் அதே 93 மி.மீ.க்குள் ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல் பொடி கொள்ளும். உயரம் 87 மி.மீ.க்கு இறங்கும், பெட்டி 102 மி.மீ. ஆகும், 12 அடுக்கு வைக்கலாம். ஒரு பேலட்டில் 1440 டப்பா. தொடங்கிய இடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு.

உடனே சதுரத்துக்கு ஓட வேண்டாம். உருண்டையை உருட்டி லேபிள் ஒட்டும் இயந்திரம் சதுரத்துக்கு ஆகாது. தட்டையான பக்கங்கள் உள்வாங்கும் அல்லது உப்பும். அதைத் தடுக்கப் பிளாஸ்டிக்கின் கனத்தைக் கூட்டினால் டப்பாவின் விலை ஏறும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேலட் போகும் தொழிலுக்கு 93 மி.மீ. உருண்டையே போதும் என்பது என் எண்ணம். லாரி லாரியாகப் போகத் தொடங்கும்போது சதுரத்துக்கான அச்சுச் செலவைக் கணக்குப் பார்க்கலாம்.

வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினாலே எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஐகியாவின் பேங் கோப்பையைச் சொல்வார்கள். ஒரு பேலட்டில் 864 போய்க்கொண்டிருந்த அந்தக் கோப்பை, வடிவம் மாற்றிய பிறகு 1280 ஆகி, மறுபடி மாற்றியதும் 2024 ஆனது. குடிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றோடொன்று எப்படி அடங்குகிறது என்பதுதான் மாறியது.

மேலே இருக்கும் பாரம் எங்கே இறங்குகிறது

இனி அந்த 15 மி.மீ. கதைக்கு வருவோம். அட்டைப்பெட்டியின் பக்கச் சுவரை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். மூலையை மேலிருந்து அழுத்துங்கள், அசையாது. மேலே இருக்கும் பாரத்தில் பாதிக்கு மேல் அந்த நான்கு மூலைகள்தான் சுமக்கின்றன. பெட்டி பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து மூலைகளுக்குக் கீழே எதுவும் இல்லை. 25 மி.மீ. வெளியே போனால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வலு போய்விடும். ஆறாவது பெட்டியால் கிடைத்த இடம், கீழடுக்கில் நசுங்கிய பெட்டிகளாகத் திரும்பி வரும்.

இதே காரணத்துக்காகத்தான் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கும் பழக்கமும் யோசிக்க வேண்டியதாகிறது. பார்க்க உறுதியாகத் தெரியும், சரியாது. ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்பெட்டியின் மெல்லிய நடுச்சுவரில் போய் இறங்கும். வலுவில் பாதிவரை இப்படிப் போகலாம். மூலைக்கு மேல் மூலை வரும்படி நேராக அடுக்கி, சுற்றிலும் ஸ்ட்ரெச் ஃபிலிம் இழுத்துக் கட்டுவது நல்லது. சரிந்துவிடுமோ என்று பயமிருந்தால் மேல் இரண்டு அடுக்கை மட்டும் மாற்றி வையுங்கள். அங்கே பாரம் குறைவு.

எவ்வளவு வலுவான பெட்டி வேண்டும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். பொடியும் டப்பாவும் சேர்ந்து 340 கிராம். பன்னிரண்டு டப்பாவும் பெட்டியும் தடுப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 4.5 கிலோ. பத்து அடுக்கில் அடிப்பெட்டி ஒன்பது பெட்டிகளைச் சுமக்கிறது: 40.5 கிலோ. அப்படியானால் 40 கிலோ தாங்கும் பெட்டி போதாதா என்றால் போதாது. ஆய்வகத்தில் காய்ந்த, புதிய பெட்டியை ஒருமுறை அழுத்தி எடுப்பதுதான் அந்த எண். ஐப்பசி மழையில் குடோன் ஈரத்தை அட்டை குடித்தால் வலு பாதியாகும். மாதக்கணக்கில் பாரத்தைச் சுமந்து நின்றால் மிச்சத்திலும் ஏறக்குறைய பாதி போகும். அதனால் நான்கு மடங்கு கேட்க வேண்டும்: 162 கிலோ. நல்ல தாளில் செய்த 3 பிளை பெட்டிக்கு இது எட்டக்கூடிய எண்தான்.

பெட்டி வாங்கும்போது எத்தனை பிளை, எத்தனை ஜிஎஸ்எம் என்று மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அது தாளின் எடை. அமுக்கு வலு எத்தனை கிலோ என்று கேட்டு, சோதனைச் சீட்டையும் வாங்குங்கள்.

ஒரு பேலட்டின் மேல் இன்னொரு பேலட்டை ஏற்றி வைப்பீர்கள் என்றால் கணக்கே மாறும். மேல் பேலட்டில் 100 பெட்டி 450 கிலோ, மரம் 20 கிலோ. அதைப் பத்து நிரைக்குப் பிரித்தால் 47 கிலோ. மொத்தம் 87.5 கிலோ, நான்கு மடங்கு 350. இதற்கு 5 பிளை வேண்டும். 5 பிளை சுவர் 7 மி.மீ. என்றால் உள்ளே கிடைப்பது 382 × 282-தான். இப்போது 93 மி.மீ. டப்பா தடுப்பு இல்லாமல் அடங்கும், தடுப்போடு அடங்காது. 95 மி.மீ. டப்பாவாக இருந்திருந்தால் மூன்றுக்கு 285 ஆகி, உள்ளேயே போயிருக்காது. எத்தனை உயரம் அடுக்குவோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் டப்பாவின் விட்டத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பெட்டி தளர்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. முதல் பேலட்டை முழு உயரத்துக்கு அடுக்கி, மழைக்காலத்தில் இரண்டு வாரம் குடோனில் விட்டு வையுங்கள். கீழடுக்குப் பெட்டிகளின் பக்கம் வயிறு போல் தள்ளியிருந்தால், மூலைக்கு அருகே சாய்வாக மடிப்புக் கோடு விழுந்திருந்தால், பெட்டி பாரத்தைத் தாங்க முடியாமல் டப்பாவின் தலையில் இறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து மூடிகள் அமுங்கும், சீல் விடும், பொடியில் ஈரம் ஏறிக் கட்டி பிடிக்கும். டப்பாவின் மூடிக்கும் பெட்டியின் மேல்மடிப்புக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி அதிகமானால் பெட்டி முதலில் அந்த அளவுக்கு நசுங்கித்தான் நிற்கும்.

எத்தனை வகை வேண்டும்

நம் நிறுவனம் ஆறு பொடிகளை 200, 300, 500 கிராம் என்று மூன்று அளவில் விற்கிறது. மொத்தம் 18 சரக்கு. ஒவ்வொரு அளவுக்கும் தனி விட்டம், தனி மூடி. மிளகாய்த் தூளுக்குச் சிவப்பு மூடி, மல்லிக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள். பெட்டியிலும் பதினெட்டு விதமாக அச்சு. கடையில் அழகாக இருக்கும். ஆனால் பெட்டிக்காரர் ஒரு டிசைனுக்குக் குறைந்தது 1000 அடிப்பேன் என்றால் 18,000 பெட்டி வாங்கி வைக்க வேண்டும். நன்றாக ஓடும் சாம்பார் பொடிப் பெட்டி தீர்ந்துவிடும். மெல்ல விற்கும் பொடியின் பெட்டி ஒரு வருடம் கிடந்து ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும்.

விட்டத்தை மூன்று அளவுக்கும் 93-ஆகவே வைத்து உயரத்தை மட்டும் மாற்றினால் 200 கிராமுக்கு ஏறக்குறைய 75 மி.மீ., 500 கிராமுக்கு 170 மி.மீ. வரும். வாய் ஒன்றே என்பதால் மூடி ஒன்றே போதும். பெட்டியும் ஒரே 396 × 296, உயரத்தில் மட்டும் மூன்று வகை. பெயர் எதுவும் அச்சிடாத பொதுப்பெட்டியில் எந்தப் பொடி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். பதினெட்டுப் பெட்டி மூன்றாகிவிட்டது. மூன்றையும் ஒன்றாக்கலாமே என்று ஆசைப்பட வேண்டாம். உயரமான பெட்டியில் குட்டையான டப்பாவைப் போட்டால் மேலே வெற்றிடம் விழும், முதலில் நசுங்குவது அந்தப் பெட்டிதான்.

மூடியின் நிறத்தை ஒன்றாக்குவதில் இன்னொரு இலாபம் கையிருப்பில் இருக்கிறது. திடீரென விற்பனை கூடினால் சமாளிக்க நிறத்துக்கு 200 மூடி கூடுதலாக வைத்திருந்தால் ஆறு நிறத்துக்கு 1200. ஒரே மூடி என்றால் ஒரு பொடிக்குக் கூடும்போது இன்னொன்றுக்குக் குறைந்திருக்கும், ஒன்றின் மிச்சம் மற்றதற்கு உதவும். ஆறின் வர்க்கமூலம் 2.45, அதை 200-ஆல் பெருக்கினால் 490. அதே பாதுகாப்புக்கு இவ்வளவு போதும். பொடிகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சாராமல் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு நிற்கும். பொங்கல், தீபாவளி சமயத்தில் எல்லாம் சேர்ந்தே ஏறும். அதற்குத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

வகையைப் பிரிப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுவதுதான் இதன் உள்கருத்து. பெயின்ட் கடையில் ஆயிரக்கணக்கான நிறங்களை டப்பா டப்பாவாக வைத்திருப்பதில்லை. சில அடிப்படைப் பெயின்ட் மட்டும் இருக்கும். நீங்கள் நிறத்தைக் காட்டியதும் சாயத்தைக் கலந்து இயந்திரத்தில் குலுக்கிக் கொடுப்பார்கள். பொடியில் அந்த அளவுக்குப் போகக் கூடாது. காலி டப்பா, மூடி, பெட்டிவரை பொதுவாக இருக்கலாம். பொடியை நிரப்பிய நிமிடமே லேபிள் ஒட்டியாக வேண்டும். சாம்பார் பொடியும் ரசப் பொடியும் லேபிள் இல்லாமல் அருகருகே நின்றால் பிரித்துச் சொல்ல முடியாது. தவறிப் போன ஒரு தொகுதியைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கும் செலவில், மூடியில் மிச்சப்பட்டது எல்லாம் கரைந்துவிடும்.

இந்தக் கணக்கு பலிக்காத இடம்

இதுவரை சொன்ன வாடகை மிச்சம் முழுவதும் இடம் முதலில் தீரும் சரக்குக்குத்தான். மசாலாப் பொடி இலேசானது. 1200 டப்பா ஏற்றிய பேலட் பெட்டியோடு சேர்த்து 450 கிலோ, மரத்தையும் கூட்டினால் 470. லாரியின் எடை வரம்பு வருவதற்கு முன் இடம் நிரம்பிவிடும். அதே இடத்தில் நல்லெண்ணெய் பாட்டில் என்றால் ஒரு பேலட் டன்னைத் தொடும். லாரியில் பாதி காலியாக இருக்கும்போதே எடை நிரம்பிவிடும். அங்கே சதுர பாட்டிலுக்கு மாறினாலும் லாரி வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாது. குடோன் இடமும் அட்டைச் செலவும்தான் குறையும். அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்த இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

உங்கள் சரக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, கடைசியாகப் போன ஐந்து லோடுகளின் எடைச் சீட்டை எடுத்து, அந்த லாரியின் அனுமதிக்கப்பட்ட எடையோடு ஒப்பிடுங்கள். கதவு மூட முடியாத அளவுக்கு நிரம்பியும் எடை பாதியில் நிற்கிறது என்றால், டேப்பை எடுத்துக்கொண்டு பேலட்டிலிருந்து அளக்கத் தொடங்கலாம்.